கம்பு பணியார மிக்ஸ்: ருசி அருமை, ஆனால் மாவு எப்போது அரைத்தது?

காரைக்குடி பக்கம் தயாராகி சென்னைக்குப் போகும் கம்பு காரப் பணியார மிக்ஸ் இப்போது பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கி வைக்கலாமா என்று நண்பர் கேட்டார். நெடுநாளாக வீட்டில் ஓடும் பொருள், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். புது மாவில் பணியாரம் பிரமாதமாக வருகிறது. வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு, அரிசிப் பணியாரத்தில் இல்லாத ஒரு வறுத்த மணம். வரமிளகாய்ச் சட்னியோடு அசத்தல். ஒரு கப் மிக்ஸுக்கு அரை கப் புளித்த தயிரும் முக்கால் கப் தண்ணீரும் விட்டுக் கரைத்து 20 நிமிடம் மூடி வைக்க வேண்டும். பாக்கெட்டில் 'உடனே ஊற்றலாம்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். கம்பின் தவிடு மெதுவாகத்தான் தண்ணீர் குடிக்கும். உடனே ஊற்றினால் நடுவில் நறநறக்கும். ஊறியபின் மாவு இறுகியிருக்கும்; இரண்டு மூன்று கரண்டித் தண்ணீர் விட்டுத் தளர்த்தி, முக்கால் குழிக்கு ஊற்றி, சிறு தீயில் மூடி வேக வைத்துத் திருப்பிப் போட்டால் போதும்.

இனி எரிச்சல். அதே மிக்ஸ் சில வாரத்தில் கசக்கிறது. புளிப்புமில்லை, பூச்சியுமில்லை, விழுங்கியபின் அடிநாக்கில் நிற்கிற கசப்பு, கூடவே பழைய எண்ணெயின் சிக்கு வாடை. 'ஆறு மாதம் கெடாது' என்று அச்சடித்த பாக்கெட்டில் இது நடக்கிறது. தயாரிப்பாளரிடம் கேட்டால் 'கம்பு என்றால் அப்படித்தான்' என்கிறார். அது சரியான பதில் இல்லை.

100 கிராம் கம்பில் சுமார் 5 கிராம் கொழுப்பு உண்டு. கேழ்வரகில் 2 கிராம்கூட இல்லை. கம்பின் கொழுப்பில் பெரும்பகுதி கருவில் இருக்கிறது. முழுத் தானியமாக இருக்கும்வரை அது பத்திரமாக இருக்கும். அரைத்த நொடியில், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் என்சைமும் கொழுப்பும் ஒன்றாகக் கலந்துவிடும். அப்புறம் கசப்பு வருவது நாள் கணக்குத்தான். அரைத்தபின் மாவை லேசாக வறுத்துப் பாக்கெட் போடுவதும் அரைகுறை வேலைதான். என்சைமை அடக்க வேண்டியது அரைப்பதற்கு முன்னால்.

அதற்கு வழி கடினமில்லை. ஒரு பங்கு கம்புக்கு ஐந்து பங்கு தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, துணியில் கட்டிய கம்பை அரை நிமிடம் முக்கி எடுத்து, நீரை வடித்து, மெல்லிசாகப் பரப்பி உலர்த்த வேண்டும். கடித்தால் 'நறுக்' என்று உடைய வேண்டும். சித்திரை வெயிலில் செட்டிநாட்டு முற்றத்தில் இது தானாக நடக்கும். ஐப்பசி மழையில் நடக்காது. அப்போது வாணலியில் சிறு தீயில் ஈரம் போக வறுப்பதுதான் வழி. மில்லில் இருந்து மாவு சூடாக வரும். ஆறவிடாமல் டப்பாவில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்த ஈரமே மாவைக் கெடுக்கும்.

வீட்டுக்கு என்றால் இப்படி உலர்த்திய கம்பு மூன்று பங்கு, பச்சரிசி ஒன்று, உளுந்து ஒன்று சேர்த்து அரைத்து, இரண்டு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். தாளிப்பை மாவில் கலக்கவே கூடாது. கடைக்காரர்கள் கடுகு, கறிவேப்பிலையை எண்ணெயில் பொரித்து மாவோடு கலந்துவிடுகிறார்கள். அந்த எண்ணெயும் தனியாகச் சிக்கு பிடிக்கும். புதிதாக இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் தாளிப்பைத் தனிச் சின்னப் பொட்டலமாக வைத்து, 200 கிராம் பாக்கெட்டாக விற்றாலே பாதிப் புகார் குறையும். நகரத்தில் இரண்டு பேர் இருக்கும் வீட்டில் ஒரு கிலோ மாவு எப்போது தீரும்?

வாங்கிய பாக்கெட்டைச் சோதிக்க ஒரு ஸ்பூன் மாவில் கொதிநீர் ஊற்றிக் கிளறி, இரண்டு நிமிடம் மூடித் திறந்து முகருங்கள். வறுத்த தானிய மணம் வந்தால் சமைக்கலாம். சிக்கு வாடை வந்தால் தயிரும் மிளகாயும் அதை மறைக்காது.

பாதி விலைக்கு வருகிறேன். பாக்கெட்டில் இருப்பது பெரும்பாலும் பாக்கெட் போட்ட தேதி. மாவு அரைத்த தேதி எங்கும் இல்லை. விலை குறைவதே பழைய சரக்கை ஒழிக்கத்தான் என்பது என் சந்தேகம். இதைவிட நல்ல பணியாரம் தரும் மிக்ஸை நான் பார்க்கவில்லை. ஆனாலும் வாங்காதீர்கள். அதே கடையின் கேழ்வரகு மிக்ஸ் ருசியில் ஒரு படி கீழேதான், கொழுப்பு குறைவென்பதால் கசக்காமல் தாங்குகிறது. அரைத்த தேதியை அச்சடிக்கும்வரை நான் அதைத்தான் வாங்குவேன்.