துண்டு காணாமல் போனால்: Ctrl+Z-ஆ, ஹிஸ்டரி பிரஷ்ஷா?

கும்பகோணத்தில் ஸ்டுடியோ வேலை பார்க்கிற எனக்கு, நினைவஞ்சலி பேனருக்கு வரும் படங்கள்தான் கையை நடுங்க வைப்பவை. வெள்ளையடித்த சுவர், அதன் முன்னால் வெள்ளைச் சட்டை, தோளில் வெள்ளைத் துண்டு. போட்டோஷாப்பில் பின்னணியை இரேசரால் அழிக்கும்போது சுவர் எங்கே முடிகிறது, துண்டு எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கே பிடிபடாது.

போன மாதம் அப்படித்தான் ஆனது. பின்னணியை அழித்து, முகத்தில் இருந்த கீறல்களையும் சரிசெய்து முடித்த பிறகு, படம் கொடுத்தவர் திரையைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, அப்பா தோள்ல துண்டு பாதிதானே இருக்கு?”

Ctrl+Z அடிக்கலாம். இப்போதைய போட்டோஷாப்பில் அது படிப்படியாகப் பின்னால் போகும். ஆனால் துண்டை அழித்த இடத்துக்குப் போனால், அதற்குப் பின் முகத்தில் செய்த வேலையும் சேர்ந்தே போய்விடும். அதோடு, மாற்றாமல் விட்டால் ஹிஸ்டரியில் 50 நிலைகள்தான் நிற்கும். இரேசரை ஒருமுறை அழுத்தி எடுப்பது ஒரு நிலை. சின்னச் சின்னதாகத் தடவினால் ஐம்பதும் சீக்கிரம் தீர்ந்துவிடும். தப்பு செய்த அந்த நிமிடமே கவனித்தால் Ctrl+Z போதும். அதற்கு மேல் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை.

ஹிஸ்டரி பிரஷ் அப்படியில்லை. தடவிய இடம் மட்டும் பழையபடி வரும், முகத்து வேலை அப்படியே இருக்கும். ஹிஸ்டரி பேனலில் அழிப்பதற்கு முந்தைய ஸ்னாப்ஷாட்டின் இடப்பக்கக் கட்டத்தை கிளிக் செய்து, Y அழுத்தி, ஒபாசிட்டி 100 வைத்து, அழித்த அதே லேயரில் துண்டின் மேல் தடவினேன். நூல் குஞ்சம் வரை திரும்பி வந்தது. ஓரம் தாண்டினால் சுவரும் கூடவே வரும். அதனால் அடியில் கரும்பச்சை லேயர் ஒன்றை வைத்துக்கொண்டேன். வெள்ளைக்கு மேல் தெரியாத சுவர்த் திட்டும், அரைகுறையாக மீண்ட துணியும் பச்சையில் உடனே தெரியும்.

இது பலிக்க ஒரு காரணம் உண்டு. Ctrl+J அடித்து நகல் லேயர் எடுத்தவுடன், இரேசரைத் தொடும் முன்பே ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்திருந்தேன். படம் திறக்கும்போது தானாக உருவாகும் ஸ்னாப்ஷாட்டில் அந்த நகல் லேயர் கிடையாது. அதை மூலமாக வைத்தால் பிரஷ் தடை அடையாளம் காட்டி நின்றுவிடும். ஸ்னாப்ஷாட்டுக்குப் பின் படத்தை கிராப் செய்தாலும் இதே கதிதான். கிராப் முதலில், அப்புறம் Ctrl+J, அதன்பின் ஸ்னாப்ஷாட் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஃபைலை மூடினால் ஹிஸ்டரியும் ஸ்னாப்ஷாட்டும் இரண்டுமே போய்விடும், PSD-யாகச் சேமித்தாலும்தான். திருத்தம் சொல்ல மறுநாள் வருவார்கள் என்று தெரிந்தால் இரேசரையே எடுக்காமல் லேயர் மாஸ்க்கில் கருப்பால் மறைக்கிறேன். வெள்ளையால் தடவினால் துண்டு என்றைக்கும் திரும்ப வரும்.