கையில இருக்கிற வாட்சை போட்டோஷாப்ல மாத்துறது: ரொம்ப நாள் பண்ணிப் பாத்த அனுபவம்

வாட்ச் கடைக்கும் நகைக் கடைக்கும் கேட்டலாக் ரீடச்சிங் பண்றது தான் என் வேலை. மாடல் கையில ஒரு வாட்ச் கட்டி ஷூட் முடிச்சிருப்பாங்க, அப்புறம் அதே போட்டோல வேற டிசைன் வேணும்னு சொல்லுவாங்க, திரும்ப மாடலை வரவச்சு ஷூட் பண்ண பட்ஜெட் இருக்காது, அதனால புது வாட்சை மட்டும் தனியா எடுத்து நம்மகிட்ட அனுப்பிடுவாங்க. வருஷக்கணக்கா இதை போட்டோஷாப்ல வார்ப், பப்பெட் வார்ப், மல்டிப்ளை லேயர் இந்த மூணை வச்சே பண்ணிட்டிருக்கேன், அதுல எது உண்மையிலேயே உழைக்குதுன்னு எழுதுறேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். எல்லாரும் வாட்சை அழகா கட் பண்றதுலயே நேரத்தைப் போடுறாங்க, ஆனா பாக்குறவங்க கண்ணு பிடிக்கிறது வாட்சை இல்ல, அதுக்குப் பக்கத்துல இருக்கிற தோலை. பட்டை இறுக்கமா இருந்தா தோல் கொஞ்சம் அமுங்கி ரெண்டு ஓரத்துலயும் லேசா பிதுங்கும், பிதுங்கின இடத்துல ஒரு சின்ன பளபளப்பு விழும், பட்டை தொடுற கோட்டுல மெல்லிசா ஒரு இருட்டு இருக்கும். இது எல்லாம் பழைய வாட்ச் நமக்கு இலவசமா குடுத்துட்டுப் போனது, அதை அழிச்சிட்டு புதுசா வரையிறது ரொம்ப கஷ்டம். அதனால புதுப் பட்டை பழசை விட அகலமாவோ அதே அகலமாவோ இருந்து, இறுக்கமும் பழசு மாதிரியே இருந்தா நான் தோல்ல கையே வைக்க மாட்டேன், பழைய பட்டையோட ஓரத்தை ரெண்டு மூணு பிக்சல் தாண்டி புதுசை உக்கார வச்சா பழைய அமுக்கமும் நிழலும் அப்படியே வேலை செய்யும். புதுசு குறுகலா இருந்தா தான் தோலை சுத்தம் பண்ண வேண்டி வரும், அப்பவும் ரோமமும் தோல் வரியும் பக்கத்துத் தோல்ல ஓடுற திசையிலயே ஓடணும், முழங்கைப் பக்கத்துத் தோலை எடுத்து மணிக்கட்டுல ஒட்டினா நிறம் ஒட்டவே ஒட்டாது.

இப்ப ஒரு வேலையை முழுசா சொல்றேன். இடது கை, உள்ளங்கை கீழ பாக்க மேஜை மேல வச்சிருக்கு, 20 மிமீ லெதர் பட்டை இறுக்கமா கட்டியிருக்கு, வெளிச்சம் மேல இருந்து சாய்வா விரல் பக்கத்துல இருந்து வருது. மாத்த வேண்டியது லூசான ஸ்டீல் செயின் வச்ச வாட்ச், அதுவும் 20 மிமீ தான்.

முதல் வேலை அளவு. பழைய வாட்சோட கேஸ் 42 மிமீன்னு தெரியும், போட்டோல அது 630 பிக்சல் வந்துது, அப்போ 1 மிமீக்கு 15 பிக்சல். புது கேஸ் 38 மிமீ, அதனால 570 பிக்சல் தான் வைக்கணும். கடைக்காரர் பெருசா காட்டுங்கன்னு கேட்டாலும் இதை மாத்தாதீங்க, கேஸ் பெருசானா பட்டையும் பெருசாகி மணிக்கட்டு குழந்தை கை மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும்.

அடுத்தது வளைவு. மணிக்கட்டு உருளை கிடையாது, மேல தட்டையா போய் ஓரத்துல சட்டுனு கீழ இறங்கும். அதனால செயினோட கண்ணிகள் மேல கிட்டத்தட்ட ஒரே அகலத்துல தெரியணும், ஓரத்துக்கு வரும்போது வேகமா குறுகணும், லெதரா இருந்தா தையல் புள்ளிகளும் இதே மாதிரி தான் நெருங்கும். லெதருக்கும் துணிப் பட்டைக்கும் பப்பெட் வார்ப் அருமையா உழைக்குது, ஆனா ஸ்டீலுக்கு அதை வைக்காதீங்க, ஒவ்வொரு கண்ணியும் ரப்பர் மாதிரி வளைஞ்சிடும். நிஜத்துல கண்ணி வளையாது, கண்ணிக்கு நடுவுல இருக்கிற இடைவெளி தான் விரியும். நான் ஓரத்துல இருக்கிற நாலஞ்சு கண்ணியைத் தனித்தனி லேயரா வெட்டி ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா திருப்பி வச்சு, நடுவுல விரிஞ்ச இடத்துல இருட்டைப் போட்டுடுவேன், நேரம் ஆகும் ஆனா ஜூம் பண்ணினாலும் நிக்கும். எல்லாத்தையும் ஸ்மார்ட் ஆப்ஜெக்டா மாத்தி வச்சிட்டு திருப்புங்க, ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் பிக்சல் மழுங்காது.

இறுக்கம் தான் இந்த வேலையில நிஜமான சிக்கல். பழைய லெதர் இறுக்கமா இருந்ததால தோல் பிதுங்கியிருக்கு, லூசான செயின் பக்கத்துல அந்தப் பிதுக்கம் இருந்தா ஏதோ தப்புன்னு தோணும், ஆனா என்னன்னு சொல்லத் தெரியாது. லிக்விஃபைல பெரிய பிரஷ்ஷை குறைஞ்ச அழுத்தத்துல வச்சு பிதுக்கத்தை உள்ள தள்ளினேன், அதோட அந்தப் பளபளப்பையும் குறைச்சேன், ஏன்னா வடிவம் தட்டையாகி பளபளப்பு மட்டும் நின்னா தோல்ல எண்ணெய் வழியிற மாதிரி இருக்கும். அப்புறம் லூசான செயின் மேல மட்டும் உக்காந்திருக்கும், பக்கவாட்டுல மணிக்கட்டை விட்டு 2, 3 மிமீ வெளிய நிக்கும், அதாவது 30ல இருந்து 45 பிக்சல். கையோட வெளிக்கோட்டைத் தாண்டி செயின் துருத்திட்டு நிக்கணும், அப்படித் துருத்தினா மேஜை மேல விழுந்திருக்கிற கை நிழல்லயும் அந்த இடத்துல ஒரு சின்ன மேடு வரணும். இந்த மேஜை நிழலை நிறைய பேர் தொடுறதே இல்ல.

நிழலுக்கு நான் ரெண்டு மல்டிப்ளை லேயர் வைப்பேன், ஒண்ணு தொடுற கோட்டுக்கு, இன்னொண்ணு விழுற நிழலுக்கு. தொடுற கோடு இந்த அளவு போட்டோல நாலஞ்சு பிக்சல் தான், கிட்டத்தட்ட கூர்மையா இருக்கணும், செயின் தோலை விட்டு விலக விலக அதே கோடு அகலமாகி மங்கிப் போகணும். ஓரம் முழுக்க ஒரே தடிமன்ல டிராப் ஷேடோ போட்டீங்கன்னா அங்கயே ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி ஆயிடும். நிறம் கறுப்பு வேண்டாம். தோலுக்குள்ள போற வெளிச்சம் உள்ளயே சிதறி சிவப்பா வெளிய வரும், அதனால தோல் மேல நிழலோட ஓரம் செம்பழுப்பா தான் இருக்கும், அதே கையில விரல் இடுக்குல இருக்கிற இருட்டு நிறத்தை எடுத்துப் போடுங்க, கச்சிதமா பொருந்தும்.

விழுற நிழலோட நீளம் வாட்ச் எவ்வளவு உயரம் நிக்குதுங்கறதைப் பொறுத்தது. வெளிச்சம் 45 டிகிரில வந்தா 10 மிமீ உயரமான வாட்சுக்கு நிழலும் 10 மிமீ, நம்ம கணக்குல 150 பிக்சல். புது வாட்ச் 13 மிமீ உயரம், அதனால 195 வரைக்கும் இழுத்தேன். பழைய நிழலை அப்படியே விட்டிருந்தா வாட்ச் தோலுக்குள்ள புதைஞ்ச மாதிரி தெரிஞ்சிருக்கும்.

ஸ்டீலா இருந்தா இன்னொரு வேலையும் இருக்கு, தோலைப் பாக்குற கீழ் ஓரத்துல தோலோட நிறம் லேசா பிரதிபலிக்கணும், வெள்ளை டேபிள்ல ஷூட் பண்ணின வாட்சுல அங்க வெள்ளை தான் இருக்கும். கேஸ் முழுக்க கண்ணாடி மாதிரி பாலிஷ் பண்ணினதா இருந்து வெளிச்சமும் எதிர்ப்பக்கத்துல இருந்து வந்திருந்தா நான் வேலையை எடுக்கறது இல்ல, வாட்சை மட்டும் திரும்ப எடுத்து அனுப்பச் சொல்லிடுவேன். எடுக்கும்போது மணிக்கட்டு வடிவத்துக்கு நீள்வட்டமா வெட்டின ஃபோம் மேல கட்டி, மாடல் போட்டோல இருந்த அதே லென்ஸ், அதே தூரம், வெளிச்சமும் அதே பக்கம்னு கேப்பேன்.

முடிச்சதும் செக் பண்ண, மேல ஒரு பிளாக் அண்ட் ஒயிட் லேயர் போட்டு நிறத்தை எடுத்துடுவேன், அப்புறம் கர்வ்ஸ்ல இருட்டுப் பகுதியை நல்லா தூக்குவேன். சட்டைக் கை மணிக்கட்டைத் தொடுற இடம், விரல் மேஜையைத் தொடுற இடம், இது ரெண்டும் கேமரா பிடிச்ச நிஜ நிழல். நான் போட்ட கோடு அதை விட கறுப்பா தெரிஞ்சா ஒபாசிட்டியைக் குறைப்பேன், வெளுப்பா தெரிஞ்சா கூட்டுவேன்.

வளையலுக்கும் இதே முறை தான், ஆனா சுத்தியும் கோடு போடாதீங்க. கை படுத்திருக்கும்போது வளையல் ஒண்ணு ரெண்டு இடத்துல தான் தோலைத் தொடும், அங்க மட்டும் தான் கூர்மையான இருட்டு வரும், மத்த இடத்துல எல்லாம் நிழல் வளையலை விட்டு விலகித் தனியா மங்கலா விழும்.