டப்பாவில் மிஞ்சியிருந்த ஐம்பது

அக்கா மகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். வெள்ளை டப்பா, நீல மூடி. ஈரக்கை பட்டுப் பட்டு முகப்பு எழுத்துகள் தேய்ந்துபோய், நிறுவனத்தின் பெயரில் பாதியும் ஓரத்தில் ‘50’ என்ற எண்ணும் மட்டும் மிஞ்சியிருந்தன. “சித்தி, இது எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன்தானே? நாளை பகல் முழுவதும் வெயிலில் நிற்க வேண்டும்” என்று கேட்டிருந்தாள்.

இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு விடை தேட மூன்று வழிகள் உண்டு. முகப்புப் படத்தையே இணையத்தில் தேடலாம். பார்கோடைக் கொண்டு தேடலாம். பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியலை வாசிக்கலாம். அன்று மூன்றையும் செய்து பார்த்தேன்.

படத் தேடல்தான் வேகமானது. கூகுள் லென்ஸில் போட்ட மறு நொடியே அதே நிறுவனத்தின் எஸ்.பி.எஃப். 50 கிரீம் முதலில் வந்து நின்றது. அதே வெள்ளை, அதே நீலம். அவள் அதைப் பார்த்திருந்தால் அத்தோடு திருப்தியடைந்திருப்பாள். கொஞ்சம் கீழே போனால் அதே உருவத்தில் ஒரு நீரேற்ற ஜெல்லும் ஓர் இரவு கிரீமும் இருந்தன. ஒரே வரிசைப் பொருட்களுக்கு ஒரே அச்சு டப்பாவைப் பயன்படுத்துவது இந்தத் தொழிலில் வழக்கம். படத் தேடல் கவனிப்பது வடிவத்தையும் நிறத்தையும். உள்ளே இருப்பதை அல்ல. எழுத்து அழிந்த டப்பாவுக்கு அது தருவது உறவினர் பட்டியல் மட்டுமே.

பார்கோடு அதைவிட நம்பகமானது. ஆனால் முதல் சிக்கல், அது பெரும்பாலும் வெளி அட்டைப் பெட்டியில்தான் இருக்கும். பெட்டியோ வாங்கிய அன்றே குப்பைக்குப் போயிருக்கும். நல்லவேளையாக இந்த டப்பாவின் அடியில் இருந்தது. ஓப்பன் பியூட்டி ஃபேக்ட்ஸ் போன்ற திறந்த தரவுத்தளங்களில் எண்ணைத் தட்டினால் பொருளின் பெயர் கிடைக்கும். அங்கே பதிவேற்றுபவர்கள் நம்மைப் போன்ற பயனர்கள்தான் என்பதால், எந்த நாட்டு டப்பா, எந்த ஆண்டுப் படம் என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயரில் ஒவ்வொரு நாட்டிலும் வேறு வேறு கலவை விற்கப்படுவது உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் பொருட்களான வடிகட்டிகளில் எவை அனுமதிக்கப்பட்டவை என்பது நாட்டுக்கு நாடு மாறுவது அதற்கு முக்கியக் காரணம். பார்கோடின் முதல் மூன்று இலக்கங்களைப் பார்த்து ‘இந்த நாட்டில் தயாரானது’ என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். அது அந்த எண் எந்த நாட்டு அமைப்பிடம் பதிவானது என்பதை மட்டுமே காட்டும். தயாரிப்பு எங்கு வேண்டுமானாலும் நடந்திருக்கலாம். அவள் டப்பாவின் எண்ணுக்கு எந்தப் பதிவும் இல்லை. அங்கே கதவு மூடியது.

மிஞ்சியது மூலப்பொருள் பட்டியல். வளைந்த டப்பாவில் ஒரே படம் போதாது என்று சொல்லி, ஃபிளாஷ் போடாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி, டப்பாவைச் சற்றுச் சற்றாகத் திருப்பி மூன்று படங்கள் எடுக்கச் சொன்னேன். ஒவ்வொரு படத்திலும் முந்தைய படத்தின் கடைசிச் சொற்கள் வர வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு பெயர் விழுங்கப்பட்டுவிடும்.

படங்கள் வந்தன. தண்ணீர், கிளிசரின், டைமெத்திகோன் என்று தொடங்கியது. நடுவில் ஃபீனாக்ஸிஎத்தனால் என்ற பாதுகாப்புப் பொருள், அடுத்து வாசனைப் பொருள். அதற்கும் பிறகு, பட்டியலின் வாலில், எத்தில்ஹெக்சில் சாலிசிலேட், பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன், கடைசியாக சி.ஐ. 42090.

அவள் பதறாமல் சொன்னாள்: “பியூட்டைல் என்று தொடங்குவதைத் தேடிப் பார்த்தேன், அவோபென்சோன்தான் அது. அப்படியென்றால் சன்ஸ்கிரீன்தானே?” பெயரை அவள் சரியாகவே கண்டுபிடித்திருந்தாள். இரண்டும் வடிகட்டிகள்தான். ஆனால் அவை இருக்கும் இடம் வேறு கதை சொல்கிறது.

பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். ஒரு சதவீதத்துக்குக் கீழானவை மட்டும் எந்த வரிசையிலும் வரலாம். ஐரோப்பிய விதிப்படி ஃபீனாக்ஸிஎத்தனால் ஒரு சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆகவே அந்த விதிக்கு உட்பட்ட டப்பாவில் அதற்குப் பின்னால் வரும் எதுவும், நிறமிகள் தவிர, ஒரு சதவீதத்தைத் தாண்டியிருக்க முடியாது. நிறமிகளுக்கு மட்டும் விலக்கு. அவற்றை அளவு பாராமல் கடைசியில் எழுதலாம். எதிர்த்திசையில் இந்த உபாயம் செல்லாது: முன்னால் இருப்பதாலேயே ஒரு பொருள் ஒரு சதவீதத்துக்கு மேல் என்று சொல்லிவிட முடியாது.

எஸ்.பி.எஃப். 50 கொண்ட கிரீமில் வடிகட்டிகள் வழக்கமாகப் பட்டியலின் தொடக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். வாசனைப் பொருளுக்குப் பின்னால் ஒண்டியிருக்கும் இரண்டு வடிகட்டிகள் அந்த வேலையைச் செய்யாது. பிறகு எதற்கு அவை? சி.ஐ. 42090 ஒரு நீல நிறமி. வெளிச்சம் பட்டு நிறமும் மணமும் கெடாமலிருக்க இப்படிக் கொஞ்சம் வடிகட்டி சேர்ப்பது சாதாரணம். டப்பாவுக்குள் இருப்பது இளநீல ஜெல்லா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். வடிகட்டி காப்பது நீலத்தை, அவள் தோலை அல்ல. அந்த 50? முகப்புப் படத்தின் ஓரத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது எண்ணை ஒட்டி ‘மி.லி.’யின் மங்கிய சுவடு தெரிந்தது.

சில நாடுகளில் இந்தத் துப்பறிதலே தேவையில்லை. அமெரிக்காவில் சன்ஸ்கிரீன் மருந்து வகையில் சேர்வதால், செயல்படும் வடிகட்டிகளைச் சதவீதத்தோடு தனிப் பெட்டியில் அச்சிட வேண்டும். அந்தப் பெட்டி இருந்தால் மற்ற இரு வழிகளையும் மறந்துவிடலாம்.

அதே சமயம், பட்டியலுக்கும் எல்லை உண்டு. சன்ஸ்கிரீனா இல்லையா என்பதைத்தான் அது பெரும்பாலும் சொல்லும். 50 என்பது உண்மையில் 50 தானா என்று சொல்லாது. அந்த எண் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவிச் சோதிக்கும்போது கிடைப்பது. 2025 இல் ஆஸ்திரேலிய நுகர்வோர் அமைப்பான சாய்ஸ், 20 சன்ஸ்கிரீன்களைச் சோதித்தபோது 16 தங்கள் எண்ணை எட்டவில்லை. எந்தப் பட்டியலை எத்தனை முறை வாசித்தாலும் அது தெரிந்திருக்காது.

எஸ்.பி.எஃப். பெரும்பாலும் தோலைச் சிவக்க வைக்கும் யு.வி.பி. கதிர்களைப் பற்றியது. இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரான யு.வி.ஏ.வுக்குத் தனி அடையாளம் தேட வேண்டும்: ஐரோப்பிய டப்பாக்களில் வட்டத்துக்குள் யு.வி.ஏ. எழுத்துகள், அதாவது அந்தக் காப்பு எஸ்.பி.எஃப். எண்ணில் மூன்றில் ஒரு பங்காவது இருக்கிறது என்று பொருள். ஜப்பானிய முறையில் பி.ஏ. எழுத்துகளும் ஒன்று முதல் நான்கு வரை கூட்டல் குறிகளும்.

ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம் அனுப்பினாள். அவள் தோழியின் டப்பா. இந்த முறை பின்பக்கத்தைத்தான் முதலில் எடுத்திருந்தாள். மூன்று படங்கள், ஃபிளாஷ் இல்லாமல். தண்ணீருக்கு அடுத்த வார்த்தையே ஹோமோசாலேட் என்ற வடிகட்டி. “இதைக் கடன் வாங்கிக்கொள்” என்று எழுதினேன்.