மண்டபத்திலிருந்து ஓர் எச்சரிக்கை: போலிக் கடிதத்தை நம்பினேன், உண்மைக் கடிதத்தைத் தள்ளிவிட்டேன்

மண்டபத்தில் எங்கள் குடும்பம் நண்டுச் சதை எடுக்கும் கொட்டகை ஒன்றை நடத்துகிறது. நாட்டுப்படகுக்காரர்கள் கொண்டுவரும் நீலக்கால் நண்டை வேகவைத்து, ஓடு பிரித்து, சதையைப் பனிக்கட்டியில் அடுக்கித் தூத்துக்குடியில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு அனுப்புகிறோம். கரையில் நண்டு எடுப்பது அண்ணன் வேலை. கணக்கும் மின்னஞ்சலும் என் பொறுப்பு. போன மாதம் எங்களுக்கு வரவேண்டிய 1,86,000 ரூபாய், நாங்கள் முகம் அறியாத ஒருவனின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. வழி திறந்துவிட்டது நான் தட்டிய ஒரு சுட்டி. நம் கரையில் மின்னஞ்சலில் பில் அனுப்பி வியாபாரம் செய்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம். கொட்டகையில் நண்டு வெந்துகொண்டிருந்தது. கைப்பேசியில் ஜிமெயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் பெயர் கூகுள். உங்கள் கணக்கில் வெளிநாட்டிலிருந்து யாரோ நுழைய முயன்றிருக்கிறார்கள், 24 மணி நேரத்துக்குள் சரிபார்க்காவிட்டால் கணக்கு முடக்கப்படும் என்று எழுதியிருந்தது. கீழே நீல நிறத்தில் ஒரு பொத்தான். நூற்றுக்கணக்கான பில்கள் அந்தக் கணக்கில் கிடக்கின்றன. பதறிப்போய்த் தட்டினேன். திறந்த பக்கம் நான் வழக்கமாகப் பார்க்கும் கூகுள் பக்கத்தைப் போலவே இருந்தது.

இந்த இடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொல்ல வேண்டும். கூகுள் பக்கத்தில் கடவுச்சொல்லை நான் தட்டுவதே இல்லை. கைப்பேசி அதைச் சேமித்து வைத்திருக்கிறது; கட்டத்தில் விரலை வைத்தால் தானே வந்து நிரம்பிவிடும். அன்று நிரம்பவில்லை. இரண்டு முறை விரலை வைத்துப் பார்த்தேன், கட்டம் காலியாகவே இருந்தது. கைப்பேசிக்கு ஏதோ கோளாறு என்று நினைத்து, அலமாரியில் இருந்த கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாகத் தட்டினேன். கைப்பேசியிடம் எந்தக் கோளாறும் இல்லை. சேமித்த கடவுச்சொல்லை அது இணைய முகவரியோடு சேர்த்துத்தான் நினைவில் வைத்திருக்கிறது. பக்கம் எவ்வளவு அச்சு அசலாக இருந்தாலும், முகவரி வேறு என்றால் அது கடவுச்சொல்லைக் கொடுக்காது. நான் ஏமாந்த இடத்தில் கைப்பேசி ஏமாறவில்லை. வழக்கமாக நிரம்பும் கட்டம் ஒருநாள் நிரம்பவில்லை என்றால், தயவுசெய்து அங்கேயே நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்.

முகவரியை எப்படிப் பார்ப்பது என்று அண்ணன் மகன் பிறகுதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். கைப்பேசியில் மேலே உள்ள முகவரிக் கட்டம் குறுகலானது, முழுவதும் தெரியாது. அதைத் தட்டினால்தான் முழு முகவரியும் விரியும். நான் போன பக்கத்தின் முகவரி இந்த வடிவத்தில் இருந்தது (உண்மையான பெயரை மாற்றி எழுதுகிறேன்):

```
https://accounts.google.com.signin-check.example/verify
```

தொடக்கத்தில் கூகுளின் பெயர் இருப்பதைப் பார்த்து நம்பிவிடுகிறோம். ஆனால் படிக்க வேண்டியது பின்னாலிருந்து. `https://` என்பதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்தான் வீட்டுக்காரர். இங்கே வீட்டுக்காரர் `signin-check.example`. அதற்கு முன்னால் வருவதையெல்லாம் அந்த வீட்டுக்காரர் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ளலாம். உண்மையான நுழைவுப் பக்கத்தில் `https://` என்பதற்கும் அந்தக் கோட்டுக்கும் இடையில் `accounts.google.com` என்று மட்டுமே இருக்கும். பூட்டுப் படம் இருக்கிறதா என்று பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதை மட்டுமே அது சொல்கிறது. மறுமுனையில் அதைப் பெறுகிறவன் நல்லவனா என்பதைச் சொல்லாது.

கடவுச்சொல்லைக் கொடுத்ததும் பக்கம் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்டது. அதையும் கொடுத்தேன். எண் உண்மையாகவே கூகுளிடமிருந்துதான் வந்தது, ஏனென்றால் அந்த நொடியில் திருடன் என் கடவுச்சொல்லை வைத்து உண்மையான பக்கத்தில் நுழைந்துகொண்டிருந்தான். நான் போலிப் பக்கத்தில் தட்டியதை அவன் அங்கே தட்டினான். பிறகு என் திரையில் வழக்கமான ஜிமெயில் வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்து வேலைக்குத் திரும்பினேன்.

இரண்டு நிமிடத்தில் இன்னொரு கடிதம் வந்தது. விண்டோஸ் கணினி ஒன்றிலிருந்து உங்கள் கணக்கில் புதிதாக நுழைந்திருக்கிறார்கள் என்றது. அதுதான் உண்மையான எச்சரிக்கை. எங்கள் வீட்டில் அன்று விண்டோஸ் கணினியே கிடையாது. ஆனாலும் நான் இப்போது சரிபார்த்ததற்கான ரசீது இது என்று எண்ணி அதைத் திறக்கவே இல்லை. பிறகு தேடியபோது அது பெட்டியில் இல்லை, அவன் அழித்துவிட்டிருந்தான். இன்றுவரை என் மனம் ஆறாமல் இருப்பது இதற்காகத்தான். அந்த நிமிடமே நான் எழுந்திருந்தால் ஒரு ரூபாயும் போயிருக்காது.

அப்படியானால் எது உண்மை, எது பொய் என்று எப்படிப் பிரிப்பது? அனுப்பியவரின் முகவரியைப் பார் என்று பலரும் சொல்கிறார்கள். பாருங்கள், நல்லதுதான். ஜிமெயில் செயலி பெயரை மட்டுமே காட்டும். பெயருக்குக் கீழே உள்ள சிறு அம்புக்குறியைத் தட்டினால் முகவரி தெரியும். பல போலிகள் அங்கேயே அகப்பட்டுவிடும். ஆனால் அது மட்டும் போதாது. 2025 ஏப்ரலில் வெளியான ஒரு மோசடியில், கூகுளின் சொந்த முகவரியான `no-reply@accounts.google.com` என்பதிலிருந்தே வந்த ஒரு கடிதத்தைத் திருடர்கள் அப்படியே பிறருக்குத் திருப்பி அனுப்பினார்கள்; அது அஞ்சல் சோதனைகளையெல்லாம் தாண்டியது. அதன் சுட்டி கூகுளின் இலவசப் பக்கங்கள் இருக்கும் `sites.google.com` என்ற முகவரிக்குக் கொண்டுபோனது. அங்கே வீட்டுக்காரர் கூகுள்தான். அந்தப் பக்கத்தை எழுதியவன் திருடன்.

ஆகவே இப்போது நான் கடிதத்தை ஆராய்வதில்லை. உண்மையோ பொய்யோ, அதிலுள்ள சுட்டியைத் தொடுவதில்லை. ஜிமெயில் செயலியில் வலது மூலையில் உள்ள என் படத்தைத் தட்டி, "Manage your Google Account" என்பதற்குள் போய், பாதுகாப்புப் பகுதியில் "Recent security activity" என்பதைத் திறக்கிறேன். கடந்த 28 நாட்களில் கணக்கில் நடந்த முக்கியமான பாதுகாப்பு நிகழ்வுகள் அங்கே இருக்கும். கடிதம் சொல்லும் நிகழ்வு அங்கேயும் இருந்தால் அது உண்மை. உடனே செயல்பட வேண்டும். அங்கே இல்லையென்றால் கடிதத்தை நம்புவதற்கில்லை. அஞ்சல்பெட்டியில் திருடன் அழித்த கடிதத்தின் நிகழ்வும் அந்தப் பட்டியலில் அப்படியே இருந்தது. செவ்வாய்க்கிழமை மதியம், விண்டோஸ். சனிக்கிழமைதான் அதை என் கண்ணால் பார்த்தேன்.

சனிக்கிழமை என்ன நடந்தது என்றால், பணம் வரவில்லையே என்று நிறுவனத்தின் கணக்காளருக்குத் தொலைபேசியில் பேசினேன். "அக்கா, நேற்று மாலை ஐந்து மணிக்கே போட்டுவிட்டோமே. நீங்கள் அனுப்பிய புதுக் கணக்கில்தான் போட்டோம்" என்றார். நான் எந்தப் புதுக் கணக்கும் அனுப்பவில்லை. என் முகவரியிலிருந்தே, எங்கள் பழைய பில்லில் வங்கி எண்ணை மட்டும் மாற்றி, அவன் அனுப்பியிருக்கிறான். அவர்கள் சந்தேகப்பட்டு, கணக்கு மாறியது உண்மைதானா என்று பதில் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவன் ஆம் என்று பதில் சொல்லியிருக்கிறான். அவர்களுடைய கேள்வி என் கண்ணில் படவே இல்லை.

ஏன் படவில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். நுழைந்த அன்றே அவன் என் ஜிமெயிலில் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறான். அந்த நிறுவனத்திடமிருந்து வரும் கடிதம் எதுவானாலும், படித்ததாகக் குறியிட்டு நேராகக் குப்பைக்கு அனுப்பு என்பது அதன் கட்டளை. கடவுச்சொல்லை மாற்றினால் திருடன் வெளியேறுவான், வடிகட்டி வெளியேறாது. கைப்பேசிச் செயலியில் அந்த வடிகட்டிப் பக்கமே கிடையாது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, அமைப்புகளில் "See all settings" போய், "Filters and Blocked Addresses" என்ற பகுதியைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள "Forwarding and POP/IMAP" பகுதியையும் பாருங்கள். கடிதங்களை வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் ஏற்பாடு அங்கே இருக்கலாம்.

பணம் போனதை அறிந்ததும், "இன்று இரண்டாம் சனிக்கிழமை, வங்கி கிடையாது, திங்கட்கிழமை பார்ப்போம்" என்றார் கணக்காளர். தவறு. வங்கிக்கு விடுமுறை இருந்தாலும் பணம் கைமாறிக்கொண்டேதான் இருக்கும். இராமநாதபுரத்தில் படிக்கும் அண்ணன் மகன்தான் 1930 என்ற எண்ணைச் சொன்னான். இணையப் பண மோசடிக்கான அந்த எண் விடுமுறை நாளிலும் இயங்குகிறது. பணம் நிறுவனத்தின் கணக்கிலிருந்து போனதால் புகாரை அவர்களே கொடுக்கச் சொன்னோம். பரிமாற்ற எண், தொகை, நேரம், போய்ச் சேர்ந்த கணக்கு எண் ஆகியவற்றைக் கேட்டார்கள். பிறகு `cybercrime.gov.in` தளத்திலும் பதிந்தார்கள். பணம் போய்ப் பத்தொன்பது மணி நேரம் ஆகியிருந்தது. 74,000 ரூபாயை நிறுத்திவைக்க முடிந்தது. மீதி அதற்குள் எடுக்கப்பட்டுவிட்டது. நிறுத்திய பணமும் எங்கள் கைக்கு இன்னும் வரவில்லை. நீதிமன்ற உத்தரவு கேட்கிறார்கள். மீதியை யார் தாங்குவது என்று அந்த நிறுவனத்துடன் பேசிக்கொண்டிருக்கிறோம். சதை எடுக்கும் பன்னிரண்டு பெண்களின் கூலிக்கு என் வளையலை அடகு வைத்தோம்.

நீங்கள் தவறான சுட்டியைத் தட்டிவிட்டால், முதலில் என்ன கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். பக்கத்தைத் திறந்து பார்த்ததோடு சரியென்றால், பெரும்பாலும் ஆபத்தில்லை; மூடிவிடுங்கள். செயலி ஏதாவது நிறுவப்பட்டிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, அந்தச் செயலியை நீக்குங்கள். அதன் பிறகு செய்யும் எதையும் வேறொரு கைப்பேசியில் செய்யுங்கள். கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டீர்கள் என்றால் ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். `myaccount.google.com` என்று நீங்களே தட்டி உள்ளே போய் அதை மாற்றுங்கள். அதே கடவுச்சொல் வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கும் மாற்றுங்கள். உங்களுடையதல்லாத சாதனங்களை வெளியேற்றுங்கள். மீட்புக்கான கைப்பேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். திருடன் முந்திக்கொண்டு கடவுச்சொல்லை மாற்றியிருந்தால் `g.co/recover` பக்கத்துக்குப் போங்கள். மீட்பு எண்ணை அவன் மாற்றியிருந்தாலும் ஏழு நாட்கள் வரை பழைய எண்ணை கூகுள் ஏற்க வாய்ப்பு உண்டு. கடைசியாக, பணம் தர வேண்டியவர்கள் எல்லோருக்கும் எழுதாமல் தொலைபேசியில் பேசுங்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் அண்ணன் மகன் மடிக்கணினியோடு எங்கள் கொட்டகையில் இருப்பான். வடிகட்டிப் பக்கத்தைப் பார்க்கக் கணினி இல்லாதவர்கள் வாருங்கள். கடவுச்சொல்லை நீங்களே தட்ட வேண்டும். அந்த நேரம் நாங்கள் திரும்பிக்கொள்வோம். பார்த்து முடித்ததும் உங்கள் கண்முன்னே வெளியேறி, சாளரத்தையும் மூடித் தருவோம்.