மெயிலா, வட்டமா, தனித்தனியா? மட்டம் தட்டல் புகாருக்குப் பிறகு மேனேஜர் டீமிடம் பேசும் மூன்று வழிகள்

ஒன்பது பேர் கொண்ட டீம். வாராந்திர ரிவ்யூவில் அனுபவசாலி ஒருவர் மூன்று மாதமாகப் புதிதாக வந்தவரின் வேலையை எடுத்துப்போட்டு நக்கலடிக்கிறார். அதே நக்கலைச் சாட் குரூப்பில் சிரிப்புப் பொம்மைகளோடு இன்னும் இரண்டு பேர் தொடர்கிறார்கள். புகார் போனது, எச்.ஆர். விசாரித்தது, நடவடிக்கையும் எடுத்தாயிற்று. என்ன நடவடிக்கை என்று யாரிடமும் சொல்லக் கூடாது. ஆனால் ஏதோ நடந்திருக்கிறது என்று ஒன்பது பேருக்கும் தெரியும். திங்கட்கிழமை காலை மேனேஜர் டீமின் முன் நின்றாக வேண்டும். அந்த மேனேஜர் நான்தான்.

எனக்குத் தெரிந்து இதற்கு மூன்று வழிகள் உண்டு. முதல் வழியை வேறொரு டீமில் செய்து சொதப்பியிருக்கிறேன், இரண்டாவதைப் பக்கத்து டீமில் உட்கார்ந்து பார்த்தேன், மூன்றாவதை இந்த முறை செய்தேன்.

எல்லோருக்கும் ஒரு மெயில்

"மரியாதைக் குறைவை நாம் ஒருபோதும் ஏற்பதில்லை" என்ற ரகம். வாய் தவறி எதுவும் வந்துவிடாது, எழுத்தில் பதிவும் இருக்கும். ஆனால் படிக்கிறவர்கள் பக்கம் இருந்து பாருங்கள். பாதிக்கப்பட்டவருக்கு அது வெறும் சம்பிரதாயம். சாட்டில் சிரித்த இரண்டு பேருக்கு அது தங்களைப் பற்றியது என்றே தோன்றாது. மீதிப் பேர் "யாரைச் சொல்கிறார்?" என்று தனி சாட்டில் விசாரிக்க ஆரம்பித்திருப்பார்கள். பெயரைச் சொல்லாமல் விட்டதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம், அவர்களோ அரை மணி நேரத்தில் நாலு பெயரை அலசி முடித்திருப்பார்கள், அதில் மூன்று தப்பான பெயர்.

விசாரணை இன்னும் முடியவில்லை என்றால் மட்டும் மெயில் சரி, அதுவும் மூன்றே வரி: ஒரு விஷயம் விசாரணையில் இருக்கிறது, அது முடியும்வரை நான் எதுவும் சொல்ல முடியாது, யாருக்காவது பேச வேண்டும் என்றால் என்னிடமோ எச்.ஆரிடமோ வரலாம்.

வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் பேசுவது

மூன்றில் பார்க்க அழகானது இதுதான், எனக்கு அதிகம் பயமும் இதில்தான். நான் பார்த்த கூட்டத்தில் மூன்றாவதாகப் பேசியவர், "நாம எப்பவும் ஜாலியாத்தான் பேசுவோம், சிலருக்கு அது பழகலை" என்றார். உடனே எல்லோர் கண்ணும் ஒரே நாற்காலிக்குப் போயிற்று. யாரும் பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அப்புறம் இன்னொருவர் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அத்தனை பேர் முன்னால் கேட்கும்போது "பரவாயில்லை" என்பதைத் தவிர வேறு எதைச் சொல்ல முடியும்? ஒரே கூட்டத்தில் இரண்டு பேருக்கும் அவமானம்.

வட்டமாகப் பேசித் தீர்க்கும் முறைகளே தப்பு என்று நான் சொல்லவரவில்லை. அவற்றுக்கு இரு தரப்பும் மனதார ஒப்புக்கொள்ள வேண்டும், முன்கூட்டியே தனியாகப் பலமுறை பேசியிருக்க வேண்டும், நடத்துபவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் நாற்காலியை மட்டும் வட்டமாகப் போட்டால் மேலே சொன்னதுதான் நடக்கும்.

முதலில் தனித்தனியாக, பிறகு பத்து நிமிடம்

என் தேர்வு இது. இரண்டு நாள் வேலை பிடிக்கும், நேரம் கிடைக்காத மேனேஜர்கள் மெயிலுக்குப் போவதும் அதனால்தான்.

வெள்ளிக்கிழமை முதலில் பாதிக்கப்பட்டவரிடம் போனேன். திங்கட்கிழமை பேசப்போவதை எழுதிக் காட்டி, இதில் எந்த வரியாவது உங்களைக் காட்டிக்கொடுக்கிறதா, அன்றைக்கு நீங்கள் அந்த அறையில் இருக்க விரும்புகிறீர்களா என்று இரண்டே கேள்வி கேட்டேன். "புதிதாக வருபவர்களிடம்" என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இங்க புதுசுன்னா நான் ஒருத்தர்தானே" என்றார். அந்த வரியை அடித்தேன். எனக்கு அது தோன்றவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து, நக்கலடித்தவர். உங்கள் பெயரோ சாடையோ வராது, நீங்கள் கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவருக்குத் தனியாக மெசேஜ் போடவும் வேண்டாம் என்று சொன்னேன். என்ன வரப்போகிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவர் ஒன்று எகிறுவார், இல்லை உடைந்துபோவார். பிறகு மற்றவர்களிடம் ஆளுக்குக் கால் மணி நேரம். "நீங்கள் என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்கவில்லை, விசாரணை முடிந்துவிட்டது. பாதி முடித்த வேலையைக் கூச்சமில்லாமல் ரிவ்யூவில் காட்ட என்ன மாற வேண்டும் என்று கேட்டேன்.

இனி வார்த்தைகள். தமிழில் பேசும்போது ஒரு சிக்கல் உண்டு, வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். "பேசினான்", "பேசினாள்" என்றால் ஆணா பெண்ணா என்பது வெளியே வந்துவிடும், "ஒருவர்" என்றால் எத்தனை பேர் என்பது. "சிலர்" இன்னும் மோசம், எண்ண ஆரம்பித்துவிடுவார்கள். அதனால் செயலையே எழுவாயாக்கினேன்:

"நம் ரிவ்யூக்களில் வேலையை விட்டுவிட்டு ஆளைக் கிண்டலடிப்பது நடந்திருக்கிறது. சாட்டிலும் அது தொடர்ந்திருக்கிறது. அந்த ரிவ்யூக்களில் நானும் உட்கார்ந்திருந்தேன், ஒருமுறைகூட நிறுத்தவில்லை. அது என் தவறு. என்ன விசாரிக்கப்பட்டது, என்ன முடிவானது என்பதை நான் சொல்லப்போவதில்லை. நாளை உங்களைப் பற்றி ஒரு புகார் வந்தாலும் இதேபோல்தான் வாயை மூடிக்கொள்வேன். இந்த வாரம் முதல் கருத்துகளை ரிவ்யூவுக்கு முன்பே எழுத்தில் கொடுக்கிறோம், கூட்டத்தை மாறி மாறி நடத்துகிறோம். பேச்சு ஆள் மீது திரும்பினால் நடத்துபவர் அங்கேயே நிறுத்துவார். புகார் கொடுத்தது யார் என்று துருவுவதும், அதற்காக யாரையும் ஒதுக்குவதும் தனிக் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படும்."

இதில் பெயரோடு நிற்பது மேனேஜர் மட்டும்தான். எவ்வளவு விவரம் சொல்லலாம் என்பதற்கு நான் வைத்துக்கொண்ட அளவுகோல் எளிது. ஒரு வாக்கியம் ஒரே ஆளுக்குத்தான் பொருந்தும் என்றால் அடித்துவிட வேண்டும், எந்த டீமுக்கும் பொருந்தும் என்றால் இன்னும் கொஞ்சம் விவரம் சேர்க்க வேண்டும். கடைசி வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பணியிட வன்முறை, தொல்லை பற்றிய சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 2019-ம் ஆண்டு 190-வது உடன்படிக்கையும், சம்பந்தப்பட்டவர்களின் அந்தரங்கத்தைக் காப்பது, புகார் கொடுத்தவரையும் சாட்சிகளையும் பழிவாங்கலிலிருந்து காப்பது என இரண்டையும் சேர்த்தேதான் கேட்கிறது.

"அவர் மேல என்ன ஆக்ஷன் எடுத்தீங்க?" என்று ஒருவர் கேட்டார். "அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போனேன். அங்கே விளக்க ஆரம்பித்தால் தொலைந்தோம்.

மூன்று பேர் டீமில் இந்த வழியும் வேலைக்காகாது, எந்த வாக்கியமும் யாரையாவது காட்டிவிடும். அங்கே பேச்சே வேண்டாம், தனியாகப் பேசிவிட்டு ரிவ்யூ நடத்தும் முறையை மட்டும் மாற்றினால் போதும்.

எனக்கும் எல்லாம் சுமுகமாகப் போகவில்லை. பத்தாவது நாள் யாரோ ஒரு சின்னத் திருத்தம் சொல்லிவிட்டு, "ஐயோ, புகார் கொடுத்துடாதீங்க" என்று சிரித்தார். "இந்த ஜோக் வேண்டாம்" என்று அங்கேயே சொன்னேன், அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைவிடக் கண்ணில் படாத விஷயம் மூன்றாவது வாரம்தான் தெரிந்தது. அந்தப் புதியவரின் வேலைக்கு மட்டும் எல்லோரும் "ஓகே" என்று ஒற்றைச் சொல்லில் எழுதிக்கொண்டிருந்தார்கள். பயத்தில்தான், ஆனால் அவருக்கு அதுவும் ஒதுக்கல்தான். அடுத்த ரிவ்யூவுக்கு முன் நானே அவர் வேலையில் நாலு கேள்வி எழுதிப் போட்டேன். மாலைக்குள் அதன் கீழே இன்னும் இரண்டு பேர் கேள்வி எழுதியிருந்தார்கள், ஒன்றுக்கு அவர் கொஞ்சம் காரமாகவே பதில் போட்டிருந்தார்.