எபிரெயர் 11:1: மன உறுதியா, மெய்ப்பொருளா?

சபையில் வேதபாட வகுப்பு எடுக்க எபிரெயர் 11:1-க்கு ஒரு விளக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. நம் பழைய திருப்புதல், "விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது" என்கிறது. இந்த உறுதி யாருடையது? விசுவாசிக்கிறவரின் மனதில் இருப்பதா, அல்லது நம்பப்படும் காரியத்துக்கே உரியதா?

'உறுதி' என்று நாம் வாசிக்கும் இடத்தில் கிரேக்கத்தில் ஹுபோஸ்டாஸிஸ் இருக்கிறது. லத்தீன் வுல்காத்தாவும் 1611-இன் ஆங்கில வேதாகமமும் அதை மெய்ப்பொருள் என்ற பொருளில் எடுத்தன. லூத்தர் மனதின் திடநம்பிக்கை என்று எழுதினார். 1946-இல் வந்த ஆங்கிலத் திருத்தப் புதிய ஏற்பாடும் அந்தப் பக்கம்தான். மூன்றாவதாக, எகிப்தியப் பப்பிரசுகளில் இதே சொல் சொத்துப் பதிவுகளோடு வருவதால் 'உரிமைப் பத்திரம்' என்பாரும் உண்டு. பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் இந்த அதிகாரத்தில் பத்திரம் பற்றிய பேச்சே இல்லை.

நான் மெய்ப்பொருள் பக்கம். என்னை அங்கே கொண்டுபோனது வசனத்தின் இரண்டாம் பாதி. 'நிச்சயம்' என்று வரும் இடத்தில் இருக்கிற எலெங்கோஸ், வழக்கில் ஒன்றை நிரூபித்துக் காட்டுவதற்கும் ஒருவரின் தவறை எடுத்துக்காட்டிக் கடிந்துகொள்வதற்கும் வழங்கிய சொல். ஒருவர் உள்ளுக்குள் உணரும் நிச்சயத்துக்கு அதை வழங்கியதாகக் காட்டுவது கடினம். இரண்டு பாதிகளும் இணையாக அமைந்த வாக்கியம் இது. இரண்டாவது மனதுக்கு வெளியே நிற்கும் நிரூபணம் என்றால், முதலாவதை மட்டும் மனநிலை ஆக்குவது பொருந்தவில்லை. அதோடு, 1:3-இல் குமாரன் பிதாவினுடைய "தன்மையின் சொரூபம்" என்னும்போது, 'தன்மை' என்பதும் இதே ஹுபோஸ்டாஸிஸ்தான். அங்கே மன உறுதி என்று வைத்தால் வாக்கியமே நிற்காது.

நிருபம் யாருக்கு எழுதப்பட்டது என்பதும் இதற்கு ஒத்துப்போகிறது. ஆஸ்திகளைக் கொள்ளை கொடுத்தவர்கள் அவர்கள். பரலோகத்தில் நிலையுள்ள சுதந்தரம் இருக்கிறது என்று அறிந்தே கொடுத்தார்கள் என்கிறது 10:34. இழந்த வீடும் நிலமும் கையில் இருந்தவை. அதற்கு ஈடாக, மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்பதைவிட, வரப்போவது இப்போதே விசுவாசத்தில் மெய்யாக நிற்கிறது என்பதே அவர்களுக்குப் பலமான பதில்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. 3:14-இல் "ஆரம்பத்திலே கொண்ட நம்பிக்கை" என்பதும் இதே சொல், அங்கே மன உறுதி இயல்பாகவே பொருந்துகிறது. கிரேக்கப் பழைய ஏற்பாட்டில், ரூத் 1:12-இல் நகோமி தனக்கு இனி இல்லை என்கிற நம்பிக்கையும் இதுதான். அதனால் லூத்தரின் வாசிப்பைத் தவறு என்று தள்ள எனக்குத் துணிவில்லை. வகுப்புக் குறிப்பில் மெய்ப்பொருளை முதலில் வைத்து, 3:14-ஐப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.