25 லட்சம் போச்சு: கன்வெர்ட்டிபிள் நோட்ல பணம் போடப் போறவங்க தயவுசெஞ்சு இத படிச்சுட்டு போடுங்க

கோவத்துல டைப் பண்றேன், பிழை இருந்தா கண்டுக்காதீங்க. போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு, அதுல ஒரு டேபிள், என் பேருக்கு நேரா வர வேண்டிய தொகைன்னு போட்டு சைபர். 25 லட்சம் போட்டவனுக்கு சைபர். கீழ "உங்கள் ஆதரவுக்கு நன்றி"ன்னு வேற எழுதிருக்கானுங்க.

பேரு எதுவும் போடல, வக்கீல் வேணாம்னுட்டாரு. ஸ்டார்ட்டப் கம்பெனிங்களுக்கு நம்மள மாதிரி ஆளுங்க கிட்ட பணம் புடிச்சுக் குடுக்கற ஒரு ஆன்லைன் தளம், அவ்ளோதான் சொல்ல முடியும். 2021ல பாண்டிச்சேரில ஒரு ஓட்டல் ஹால்ல கூட்டம் போட்டாங்க. நான் பண்ருட்டில முந்திரிக்கொட்டை வியாபாரம், தெரிஞ்ச டாக்டர் ஒருத்தர் கூப்ட்டாருன்னு போனேன். கம்பெனி இறால் குட்டைல ஆக்சிஜன் அளக்கற மீட்டர் பண்ணுது, ராத்திரில ஆக்சிஜன் கொறஞ்சா போனுக்கு மெசேஜ் வரும். பரங்கிப்பேட்டை பக்கம் குட்டை வெச்சிருக்கற என் மச்சான் கிட்ட கேட்டேன், மீட்டர் நல்லாதான் வேலை செய்யுதுன்னான். அதுல பொய் இல்ல, பொருள் நல்ல பொருள்தான்.

நான் 15 லட்சம்தான் போடறதா இருந்தேன். தளத்தோட மேனேஜர் பையன் (என்ன அண்ணே அண்ணேன்னுதான் கூப்புடுவான்) "அண்ணே, கன்வெர்ட்டிபிள் நோட்டுன்னா ஒரு ஆளு ஒரே தவணைல கொறஞ்சது 25 லட்சம் போடணும், அதுக்குக் கம்மியா வாங்கினா அது டெபாசிட் கணக்குல வந்துடும், கம்பெனி மாட்டிக்கும்"னான். எங்க ஆடிட்டர்கிட்ட கேட்டா அவரும் ஆமா, டெபாசிட் ரூல்ஸ்ல அப்படித்தான் இருக்கு, அதுவும் மத்திய அரசு ஸ்டார்ட்டப்னு அங்கீகாரம் குடுத்த பிரைவேட் கம்பெனிதான் அப்படி வாங்கலாம்னாரு. சட்டத்த மறைக்காம சொல்றானே, நேர்மையான பையன்னு அங்கதான் நம்பிட்டேன். வீட்ல நகைய வெச்சு மீதி 10 லட்சம் பொரட்டினேன். அதுக்கு மேல தளத்துக்கு 2 பர்சென்ட் ஃபீஸ், ஜிஎஸ்டியோட 59,000. அத மொதல்லயே வாங்கிட்டாங்க, அதுல மட்டும் லேட்டே இல்ல.

இப்போ விஷயத்துக்கு வரேன். கன்வெர்ட்டிபிள் நோட்டுன்னா இன்னிக்கு நீங்க குடுக்கறது கடன். பின்னாடி ஒரு சம்பவம் நடந்தா அது ஷேரா மாறும். இன்னிக்கே கம்பெனிக்கு விலை பேச முடியாது, அதனால அடுத்து பெரிய இன்வெஸ்டர் வந்து விலை போடறப்போ அந்த விலைய விடக் கம்மியா உனக்குக் குடுக்கறேன்னு ஒப்பந்தம். எனக்குக் குடுத்த ஒரு பக்க சுருக்கத்துல டிஸ்கவுன்ட் 20 பர்சென்ட், வேல்யூவேஷன் கேப் 6 கோடி, மெச்சூரிட்டி, அதாவது நோட்டு முடியற கெடு, 3 வருஷம், வட்டி கிடையாது, டிஸ்கவுன்ட் கேப் ரெண்டுல எது எனக்கு லாபமோ அதுன்னு இருந்துச்சு. "அடுத்து யாராவது பணம் போட்டா ஷேரா ஆயிடும்ல?"ன்னு நேராவே கேட்டேன். "ஆமாண்ணே, அடுத்த ரவுண்டு வந்ததும் தானா ஆயிடும்"னான். இந்த வாக்கியத்துக்குத்தான் 25 லட்சம் குடுத்தேன்.

அடுத்த ரவுண்டு வந்துச்சு, நல்லாவே வந்துச்சு. புது பணம் வர்றதுக்கு முன்னாடி கம்பெனியோட மதிப்பு 18 கோடின்னு விலை போட்டாங்க. அப்போ மொத்தம் 1 லட்சம் ஷேர் இருந்துச்சுன்னு வைங்க, புது ஆளுக்கு ஒரு ஷேர் 1,800 ரூபா. எனக்கு 20 பர்சென்ட் டிஸ்கவுன்ட்னா 1,440 ரூபா, 25 லட்சத்துக்கு 1,736 ஷேர். கேப் கணக்கு வேற, கம்பெனி எவ்ளோ விலை போனாலும் எனக்கு 6 கோடிக்கு மேல கணக்கு போடக்கூடாது, அதனால 6 கோடிய 1 லட்சத்தால வகுத்தா 600 ரூபா, 4,166 ஷேர். அது அன்னிக்கு விலைக்கு கிட்டத்தட்ட 75 லட்சம். நான் சந்தோஷத்துல இருந்தேன், மச்சானுக்கு போன் பண்ணி சொல்லிட்டேன்கூட.

ஒரு ஷேர் கூட வரல.

கேட்டா, நோட் அக்ரிமென்ட்ல குவாலிஃபைட் ஃபைனான்சிங்னு ஒண்ணு இருக்காம். ஒரே அக்ரிமென்ட்ல புது பணம் 5 கோடியோ அதுக்கு மேலயோ வந்தாதான் நோட் தானா மாறும், அதுக்குக் கீழ வந்தா கம்பெனி போர்டு விருப்பம். இவங்க என்ன பண்ணாங்க தெரியுமா, 7 கோடி வாங்கினாங்க, ஆனா மொதல்ல 3.5 கோடிக்கு ஒரு அக்ரிமென்ட், சில மாசம் கழிச்சு அதே இன்வெஸ்டர் கிட்ட அதே விலைக்கு 3.5 கோடிக்கு இன்னொண்ணு. ரெண்டுமே 5 கோடிக்குக் கீழ! கம்பெனி விவகார அமைச்சகத்தோட எம்சிஏ வெப்சைட்ல நூறு ரூபா கட்டி PAS-3 ஃபாரம் எடுத்துப் பாத்தப்போதான் எனக்கே தெரிஞ்சுது, யாருக்கு எத்தன ஷேர், என்ன விலைன்னு அதுல அப்படியே இருக்கும். ஏன் அப்படிப் பிரிச்சாங்கன்னு ஆடிட்டர் சொன்னாரு. என்ன மாதிரி நாலு பேரு நோட், மொத்தம் 1 கோடி. 600 ரூபாய்க்கு மாத்தினா 16,666 ஷேர் நாங்க எடுத்துட்டுப் போவோம். அவ்ளோ பங்கு பழைய கடன்காரனுக்குப் போறது ஃபவுண்டருக்கும் புடிக்காது, புது இன்வெஸ்டருக்கும் புடிக்காது. எடை போடற நாள வாங்கறவன் முடிவு பண்ணா மூட்டைக்கு என்ன ரேட் பேசி என்ன பிரயோஜனம்?

அப்பவும் பையன் "அண்ணே, கடனாவே இருக்கறது உங்களுக்கு சேஃப், மெச்சூரிட்டில பாத்துக்கலாம்"னான். சரின்னு விட்டேன். 2024ல மெச்சூரிட்டி. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே வாட்ஸ்அப்ல தெளிவா எழுதினேன், எனக்கு ஷேர் வேணாம், என் 25 லட்சத்த திருப்பிக் குடுங்கன்னு. "நோட்டட் அண்ணே, கம்பெனிக்கு சொல்லிட்டேன்"னு கும்புடு எமோஜியோட பதில், ஸ்க்ரீன்ஷாட் இன்னும் வெச்சிருக்கேன். அப்புறம் ஒரு நாள் மெயில் வருது: உங்க நோட் ஷேரா மாறிடுச்சு, 1,388 ஈக்விட்டி ஷேர், விலை 1,800. டிஸ்கவுன்ட்டும் இல்ல கேப்பும் இல்ல. ஏன்னா அந்த ரெண்டும் குவாலிஃபைட் ஃபைனான்சிங்ல மாறினா மட்டும்தானாம், மெச்சூரிட்டில மாறினா கம்பெனிக்கு மதிப்பு போடற வேல்யூயர் சொல்ற மார்க்கெட் விலையாம். நான் பணம்தானே கேட்டேன்னா, பணம் வேணும்னா மெச்சூரிட்டிக்கு 30 நாள் முன்னாடி கம்பெனியோட ரிஜிஸ்டர்ட் ஆபீஸுக்கு எழுத்துல நோட்டீஸ் குடுத்திருக்கணுமாம், இல்லன்னா ஷேருக்கு சம்மதம்னு எடுத்துப்பாங்களாம், வாட்ஸ்அப் செல்லாதாம். மூணு வருஷமா கம்பெனிக்கு எது சொல்றதா இருந்தாலும் எங்க மூலமாத்தான் சொல்லணும்னு சொன்னது இதே தளம்தான்.

நோட்டுக்கான சட்ட வரையறையிலயே பணத்த திருப்பி வாங்கறது நோட் வெச்சிருக்கறவன் விருப்பம்னு எழுதிருக்கு. அந்த விருப்பத்தத்தான் முப்பது நாள் கணக்கு காட்டி முழுங்கிட்டாங்க.

இதுக்கு அப்புறம்தான் உச்சம். போன மாசம் கம்பெனியோட பிசினஸ மொத்தமா 4 கோடிக்கு வித்துட்டாங்க. பேங்க், சப்ளையர் பாக்கி 60 லட்சம் போக மிச்சம் 3.4 கோடி. புது இன்வெஸ்டர் வாங்கினது சாதா ஷேர் இல்ல, சிசிபிஎஸ்னு முன்னுரிமை ஷேர், போட்ட 7 கோடிய எடுத்த அப்புறம்தான் மத்தவங்களுக்கு. 3.4 கோடியும் அவங்களுக்கே பத்தல. எங்ககிட்ட இருக்கறது ஈக்விட்டி, கடைசி வரிசை, அதான் சைபர். நோட் கடனாவே இருந்திருந்தா எங்க 1 கோடியும் அந்த 3.4 கோடில இருந்து மொதல்ல வந்திருக்கும், கடன்காரனுக்குக் குடுத்த அப்புறம்தான் ஷேர்காரனுக்கு. விலை ஏறினப்போ என்ன கடன்காரனா வெச்சிருந்தானுங்க, விக்கப் போறப்போ ஷேர்காரனா மாத்திட்டானுங்க. கம்பெனிய வித்தா நோட்டுக்கு என்ன ஆகும்னு ஒரு வரி கூட அக்ரிமென்ட்ல இல்ல.

தளத்துக்கு போன் பண்ணா அந்தப் பையன் வேலைய விட்டுட்டானாம். புதுசா ஒரு பொண்ணு எடுத்துச்சு, "சார், நாங்க வெறும் இடைத்தரகர், முதலீட்டு முடிவு உங்களோடது"ன்னு எழுதி வெச்சு படிக்கற மாதிரி சொல்லுச்சு. கம்பெனில கேட்டா தளத்துகிட்ட கேளுங்க. டிக்கெட் போட்டா தீர்ந்துடுச்சுன்னு அவங்களே மூடிடறாங்க, திருப்பித் தொறந்தா ரேட்டிங் குடுங்கன்னு மெசேஜ் வருது. அந்த 59,000 ஃபீஸாவது குடுங்கன்னேன், அது ரீஃபண்ட் கிடையாதாம். ஃபவுண்டர் தம்பி மட்டும் ஒரு தடவ எடுத்தான், "அங்கிள், எனக்கும்தான் ஒண்ணும் வரல"ன்னான். வாங்கின கம்பெனில அவனுக்கு இப்போ நல்ல சம்பளத்துல வேலைன்னு அப்புறம் கேள்விப்பட்டேன்.

என்னென்ன பாக்கணும்னு விலாவாரியா எழுதணும்னுதான் உக்காந்தேன், மனசு ஓடல, சுருக்கமா சொல்லிடறேன். கேப் எவ்ளோன்னு கேக்கறதுக்கு முன்னாடி எந்தத் தொகை வந்தா மாறும்னு கேளுங்க, அந்தத் தொகைக்கு ஆறோ ஏழோ மாசத்துக்குள்ள வர்ற எல்லாப் பணத்தையும் கூட்டிக்கணும்னு எழுத வைங்க, அதுக்குக் கீழ வந்தா மாத்தறது நம்ம விருப்பம்னு இருக்கணும். மெச்சூரிட்டில நாம வாயத் தொறக்கலன்னா பணம் திரும்பி வரணும், ஷேர் இல்ல, அப்படியே ஷேர்னாலும் கேப் அங்கயும் செல்லணும். கம்பெனிய வித்தா போட்ட பணமோ கேப் விலை ஷேரோ எது அதிகமோ அதுன்னு ஒரு வரி. நோட்டீஸ் கம்பெனி அட்ரஸுக்கு ரிஜிஸ்டர் தபால்ல நேரா அனுப்புங்க, நடுவுல இருக்கற தளத்த நம்பாதீங்க.

இதே இறால் மீட்டர் டீல்ல மாட்டின மத்த மூணு பேர்ல ஒருத்தர் வில்லியனூர் பக்கம்னு மட்டும் தெரியும், யாருன்னு தளம் சொல்ல மாட்டேங்குது. இத பாத்தா இன்பாக்ஸ்ல வாங்க சார். ஆர்பிட்ரேஷன் சென்னைலன்னு அக்ரிமென்ட்ல இருக்கு, வக்கீல் ஃபீஸ நாலு பேரு பிரிச்சுக்கிட்டாதான் கட்டும், 25 லட்சம் போன அப்புறம் என் ஒருத்தனால முடியாது.